சம்பளச் சீட்டில் ஐம்பது வெள்ளி குறைந்த கதை: VLOOKUP-இல் எப்போது FALSE, எப்போது TRUE?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மாதக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். வேலையாட்கள் ஏழு பேர். சம்பளச் சீட்டு தயாரிக்க எக்ஸெலில் ஒரு கோப்பு இருக்கிறது. எனக்கு முன்னால் கணக்கு பார்த்தவர் போட்டு வைத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் நான் அதன் உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. ஒரு மாதம் சமையல்கட்டில் வேலை செய்யும் தம்பி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "அக்கா, எனக்கு 2,350 வெள்ளி. இதுல 2,300னு போட்டிருக்கு."

ஆட்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 2,350 என்றுதான் இருந்தது. சீட்டில் மட்டும் 2,300. மற்ற ஆறு பேருக்கும் சரியாக வந்திருந்தது. ஏழில் ஒன்று மட்டும் தப்பு, அதுவும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். இது எப்படி நடந்தது, எப்படித் திருத்துவது, அதே கோப்பில் இபிஎஃப் அட்டவணைக்கு மட்டும் ஏன் இதற்கு நேர்மாறான முறை வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதப் போகிறேன்.

கோப்பின் அமைப்பு

Staff என்ற ஷீட்டில் A பத்தியில் ஆள் எண், B பத்தியில் சம்பளம். அந்த மாதம் அது இப்படி இருந்தது:

```
வரிசை   எண்     சம்பளம்
2       101     2,900
3       102     2,150
4       103     2,450
5       104     1,980
6       106     2,350
7       105     2,300
8       107     1,850
```

105, 106 இரண்டும் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். 106 முன்பு பரிமாறிக்கொண்டிருந்தார். சமையல்கட்டுக்கு மாற்றியதும், சமையல்கட்டு ஆட்கள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்று முதலாளி அவருடைய வரிசையை வெட்டி மேலே ஒட்டிவிட்டார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பது கணக்கைப் பாதிக்கும் என்று யார் நினைப்பார்கள்?

Payslip ஷீட்டில் A2-இல் ஆள் எண்ணை அடித்தால் B2-இல் சம்பளம் வர வேண்டும். அதில் இருந்த ஃபார்முலா:

```
=VLOOKUP(A2,Staff!$A$2:$B$8,2)
```

VLOOKUP நான்கு விஷயங்களைக் கேட்கும்: எதைத் தேடுவது, எங்கே தேடுவது, எத்தனையாவது பத்தியிலிருந்து விடையை எடுப்பது, கடைசியாகத் தேடும் முறை. மேலே நான்காவது இல்லை. அது இல்லாவிட்டால் எக்ஸெல் தானாகவே TRUE என்று எடுத்துக்கொள்ளும். TRUE என்றால் தோராயப் பொருத்தம். கூகுள் ஷீட்ஸிலும் இதே வழக்கம்தான்.

TRUE என்பது நீங்கள் கொடுக்கும் வாக்கு

தோராயம் என்றதும் பலர் நினைப்பது, எழுத்துப்பிழை இருந்தாலும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதை எடுத்துத் தரும் என்று. அப்படி இல்லை. 'முருகன்' என்று தேடினால் 'முருகையா'வைப் பிடித்துத் தருகிற வேலை இது கிடையாது. தேடும் மதிப்பைத் தாண்டாதவற்றுள் மிகப் பெரியது எதுவோ, அதன் வரிசையை எடுப்பது. 106-ஐத் தேடினால் 106 இருந்தால் 106. இல்லாவிட்டால் 106-ஐவிடச் சிறிய எண்களில் பெரியது. இதுதான் விதி.

ஆனால் அந்த வரிசையைக் கண்டுபிடிக்க எக்ஸெல் பட்டியல் முழுவதையும் படிப்பதில்லை. பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று நம்பி, நடுவில் உள்ளதைப் பார்க்கும். தேடுவது அதைவிடப் பெரியதென்றால் மேல்பாதியைக் கைவிட்டுக் கீழ்ப்பாதிக்குப் போகும். சிறியதென்றால் மேல்பாதிக்குப் போகும். அந்தப் பாதியிலும் நடுவைப் பார்க்கும். இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போகும். கழித்த பாதியை மறுபடி திரும்பிப் பார்ப்பதே இல்லை. வேகமெல்லாம் இதில்தான் வருகிறது, ஆபத்தும் இதில்தான்.

கூகுள் ஷீட்ஸ் இந்த நான்காவது இடத்துக்கு is_sorted என்று பெயர் வைத்திருக்கிறது. எக்ஸெல் வைத்த range_lookup என்ற பெயரைவிட அது எவ்வளவோ நேர்மையான பெயர் என்பேன். TRUE போடும்போது 'அடுக்கி வைத்திருக்கிறேன், நம்பித் தேடு' என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். அது உண்மையா என்று எக்ஸெல் சரிபார்க்காது. நான்காவது இடத்தை எழுதாமல் விட்டவர், தெரியாமலேயே அந்த வாக்கைக் கொடுத்துவிட்டார்.

ஐம்பது வெள்ளி எங்கே போனது: கையால் நடந்து பார்ப்போம்

106-ஐ எக்ஸெல் தேடுகிற மாதிரியே தேடுவோம். ஏழு எண்கள்: 101, 102, 103, 104, 106, 105, 107.

நடுவில் இருப்பது நான்காவது, அதாவது 104. தேடும் 106 அதைவிடப் பெரியது. ஆகவே முதல் மூன்று எண்களை விட்டுவிட்டுக் கீழே வருகிறது. மிச்சம் இருப்பவை 106, 105, 107. இந்த மூன்றில் நடு 105. தேடும் 106 அதைவிடவும் பெரியது. அப்படியென்றால் 105-க்கு மேலே இருப்பதெல்லாம் 105-ஐவிடச் சின்னதாகத்தானே இருக்கும்? அடுக்கிய பட்டியல் என்ற நம்பிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஆகவே மேலே இருந்த 106-ஐப் பார்க்காமலேயே விட்டுவிட்டது. மிச்சம் 107 ஒன்றுதான். அது 106-ஐவிடப் பெரியது, ஆகவே அதுவும் இல்லை. கடைசியாகக் கண்ட 'தாண்டாத பெரிய எண்' 105. அதன் சம்பளம் 2,300. விடையைக் கொடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டது.

இதே பட்டியலில் 105-ஐத் தேடினால்? 104-ஐப் பார்த்துக் கீழே வரும், மூன்றில் நடுவாக 105-ஐயே தொடும், சரியான விடை. 107-உம் சரியாக வரும். 101 முதல் 104 வரை உள்ளவர்களுக்கும் சிக்கல் இல்லை, ஏனென்றால் அவர்களைத் தேடும் பாதை இடம் மாறிய அந்த இரண்டு வரிசைகளால் கெடுவதில்லை. ஆறு பேருக்குச் சரி, ஒருவருக்கு மட்டும் தப்பு என்பதன் இரகசியம் இதுதான். ஒன்றிரண்டு பேருக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு ஃபார்முலா சரி என்று முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம்.

இன்னொரு வகையும் உண்டு. 101-இன் வரிசையை வெட்டிக் கடைசியில் ஒட்டிப் பாருங்கள். பட்டியல் 102, 103, 104, 106, 105, 107, 101 என்று ஆகும். இப்போது 101-ஐத் தேடினால் நடுவில் 106, ஆகவே மேலே. மூன்றில் நடு 103, ஆகவே இன்னும் மேலே. மிச்சம் 102, அதுவும் பெரியது. 101-ஐத் தாண்டாத எண் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விடை #N/A. பட்டியலின் கடைசியில் 101 கண்ணெதிரே இருக்கும்போதே 'இல்லை' என்கிறது. ஒரு வகையில் இது நல்லது. #N/A வந்தால் ஆள் கவனித்துவிடுவார். பயப்பட வேண்டியது 2,300 மாதிரி நம்பும்படியாக வரும் விடைக்குத்தான்.

திருத்தம்: ஆளைத் தேட FALSE

ஆள் எண், பொருள் குறியீடு, அடையாள அட்டை எண், பில் எண் இவற்றுக்கெல்லாம் 'கிட்டத்தட்ட' என்று ஒன்று கிடையாது. 106 என்றால் 106தான். அங்கே துல்லியப் பொருத்தம்தான் வேண்டும்:

```
=VLOOKUP(A2,Staff!$A$2:$B$8,2,FALSE)
```

FALSE போட்டால் எக்ஸெல் அச்சாக அதே மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். பட்டியல் எப்படிக் கலைந்திருந்தாலும் கவலை இல்லை. இல்லாத எண்ணைக் கொடுத்தால் #N/A என்று கத்தும். ஒரே எண் இரண்டு தடவை இருந்தால் முதலில் இருப்பதை எடுக்கும். FALSE என்பதற்குப் பதிலாக 0 போட்டாலும் அதுவேதான்.

பழைய கோப்புகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசியில் ஒரு கமாவை மட்டும் போட்டுவிட்டு அடைப்பை மூடியிருந்தால், அதாவது `VLOOKUP(A2,Staff!$A$2:$B$8,2,)` என்று இருந்தால், எக்ஸெல் அந்த வெற்றிடத்தை 0 என்று எடுத்துக்கொண்டு துல்லியமாகத் தேடும். கமா இல்லாவிட்டால் தோராயம். ஒரு கமாவில் அர்த்தம் தலைகீழாகிறது! ஆகவே FALSE என்று எழுத்தில் போட்டுவிடுங்கள். அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் உங்களைத் திட்டமாட்டார்.

கோப்பு முழுவதும் எங்கெங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க Ctrl-ஐயும் எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள ` விசையையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாச் செல்களிலும் விடைக்குப் பதிலாக ஃபார்முலா தெரியும். VLOOKUP ஒவ்வொன்றின் வாலையும் பாருங்கள். திரும்ப அதையே அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

FALSE போட்டதும் இதுவரை வந்துகொண்டிருந்த சில விடைகள் #N/A ஆகலாம். பதறி FALSE-ஐ எடுத்துவிடாதீர்கள். முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான்: ஓரிடத்தில் 106 எண்ணாகவும் இன்னோரிடத்தில் எழுத்தாகவும் இருக்கும். எழுத்தாக இருப்பது செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், பெரும்பாலும் மூலையில் சின்னப் பச்சை முக்கோணமும் இருக்கும். அந்தச் செல்களைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வரும் மஞ்சள் குறியைத் தட்டி எண்ணாக மாற்றிவிட்டால் சரி. பெயரைத் தேடுவதாக இருந்தால் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி காரணமாக இருக்கும். அதை TRIM எடுத்துவிடும்.

இபிஎஃப்: இங்கே FALSE போட்டால் ஒன்றும் வராது

சம்பளம் வந்துவிட்டது. அடுத்து ஊழியர் சேமநிதிப் பிடித்தம். இபிஎஃப் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் சம்பளம் நேரடியாக இருக்காது, சம்பள வரம்புதான் இருக்கும். தொடக்கத்தில் மட்டும் 10 வெள்ளிக்கு ஒன்றாக இரண்டு படிகள், பிறகு 5,000 வெள்ளி வரை 20 வெள்ளிக்கு ஒரு படி. அதற்கு மேல் 100 வெள்ளிக்கு ஒரு படி. 60 வயதுக்குட்பட்ட மலேசியர்களுக்கான பகுதியில் நமக்கு வேண்டிய இடம் இதோ. முதலாளி கட்டுவது மூன்றாவது பத்தி, ஊழியரிடம் பிடிப்பது நான்காவது:

```
இருந்து     வரை        முதலாளி  ஊழியர்
2,260.01    2,280.00   297      251
2,280.01    2,300.00   299      253
2,300.01    2,320.00   302      256
2,320.01    2,340.00   305      258
2,340.01    2,360.00   307      260
```

ஒவ்வொரு படியிலும் மேல்வரம்புக்குத்தான் விழுக்காடு கணக்கு. 2,360-க்கு 11 விழுக்காடு 259.60, அடுத்த முழு வெள்ளிக்கு ஏற்றினால் 260. முதலாளிக்கு 13 விழுக்காடு 306.80, ஆக 307. இதை நேரடியாகப் பெருக்கியும் கணக்கிடலாம். ஆனாலும் நான் அட்டவணையையே வைத்திருக்கிறேன். யாராவது வந்து கேட்டால் அச்சிட்ட அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

நம் தம்பியின் 2,350-ஐ இதில் FALSE போட்டுத் தேடினால் #N/A-தான். 2,350 என்ற எண் எந்தப் பத்தியிலும் இல்லை. '2,350-ஐத் தாண்டாத பெரிய எண் எது' என்று கேட்டால்தான் 2,340.01 கிடைக்கும், அந்த வரிசையில் 260. தோராயப் பொருத்தம் பிறந்ததே இந்த மாதிரி வேலைக்குத்தான். வருமான வரிப் படிகள், மொத்த விலைத் தள்ளுபடி, கூரியர் எடைக் கட்டணம், தேர்வு மதிப்பெண்ணுக்குத் தரம், எல்லாமே இந்த இனம்.

EPF என்று ஒரு ஷீட் வைத்து, A-இல் கீழ்வரம்பு, B-இல் மேல்வரம்பு, C-இல் முதலாளி பங்கு, D-இல் ஊழியர் பங்கு என்று போட்டுவிட்டு, சம்பளச் சீட்டில்:

```
=VLOOKUP(B2,EPF!$A$2:$D$253,4,TRUE)
```

முதலாளி பங்குக்கு 4-க்குப் பதில் 3. இங்கேயும் TRUE என்று வெளிப்படையாக எழுதுங்கள். விட்டால் தானாக வரும் என்பது உண்மைதான். ஆனால் மறந்து விட்டதா, வேண்டுமென்று விட்டதா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

5,000 வெள்ளி வரைக்கும் 251 படிகள். பாதி பாதியாகக் கழிக்கும் முறையில் அதிகம் போனால் எட்டே ஒப்பீடுகளில் விடை வந்துவிடும். அடுக்கியிருக்க வேண்டும் என்று கேட்பதற்கான கூலி அது.

அட்டவணையைக் கட்டும்போது கவனிக்க வேண்டிய இடங்கள்

முதலில் கீழ்வரம்பு. 2,300.01 என்பதில் உள்ள அந்த ஒரு சென் அலங்காரத்துக்கு இல்லை. சோம்பலில் 2,300 என்று அடித்து வைத்தால், சரியாக 2,300 வெள்ளி வாங்கும் 105-ஆம் எண் ஆள் ஒரு படி மேலே போய்விடுவார். 253 பிடிக்க வேண்டியதற்கு 256 பிடிப்போம், முதலாளி 299 கட்ட வேண்டியதற்கு 302 கட்டுவார். கடைச் சம்பளங்கள் பெரும்பாலும் முழு எண்களாக, படியின் விளிம்பிலேயே இருப்பதால் இந்தத் தப்பு நிறைய பேருக்கு அடிக்கும்.

251 கீழ்வரம்புகளைக் கையால் அடிக்க வேண்டாம். முந்தைய வரிசையின் மேல்வரம்போடு ஒரு சென்னைக் கூட்டி, ஆனால் ROUND-க்குள் வைத்து இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(B4+0.01,2)
```

ROUND எதற்கு என்றால், கணினி தசமங்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்கிறது. 0.01 அதற்கு முழுதாக வராது. கூட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி கூடவோ குறையவோ செய்யும். விளிம்பில் நிற்கும் சம்பளத்துக்கு அந்தத் துளி போதும், படி மாறிவிடும்.

சம்பளத்துக்கும் இதே மருந்துதான். சம்பளமில்லா விடுப்புக்கு ஒரு நாள் கழித்தால் அந்த மாதத்தின் மொத்த நாட்களால் வகுக்கிறோம். விடை நீண்ட தசமமாக வரும். திரையில் 2,300.01 என்று காட்டும் செல்லுக்குள் 2,300.007 ஒளிந்திருக்கலாம். எக்ஸெல் தேடுவது உள்ளே இருப்பதை, திரையில் தெரிவதை அல்ல. கழித்த பிறகு ROUND போட்டு இரண்டு தசமத்தோடு நிறுத்திவிடுங்கள், அப்புறம் தேடுங்கள்.

அடுத்து அட்டவணையின் இரண்டு முனைகள். அதிகாரபூர்வ அட்டவணை 0.01-இல் தொடங்கும். மாதம் முழுக்க விடுப்பில் இருந்தவருக்குச் சம்பளம் 0. அது மிகச் சிறிய எண்ணைவிடவும் சிறியது, ஆகவே #N/A. முதல் வரிசையின் 0.01-ஐ 0 என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் படிக்குப் பிடித்தமே கிடையாது என்பதால் கணக்கும் மாறாது.

மேல்முனைதான் மோசம். அட்டவணையை 5,000-த்தோடு நிறுத்திவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் தோராயப் பொருத்தம் கடைசி வரிசையைத்தான் எடுக்கும். 5,600 வெள்ளிக்கு ஊழியர் பங்கு 616, முதலாளி பங்கு 12 விழுக்காடாக இறங்கி 672. ஆனால் எக்ஸெல் 4,980.01 வரிசையின் 550-ஐயும் 650-ஐயும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். 2,350 என்று அடிக்கப் போய் 23,500 என்று அடித்தாலும் அதே 550, அதே அமைதி. இதற்கு நான் செய்வது, கடைசியில் ஒரு காவல் வரிசை. A253-இல் 5,000.01, அதன் C, D இரண்டிலும் 'அட்டவணைக்கு மேல்' என்ற எழுத்து. வரம்பைத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் இந்த எழுத்து வரும். நிகரச் சம்பளத்தைக் கழிக்கும் செல் உடனே #VALUE! காட்டும். அந்தச் சம்பளத்துக்கு நிஜமாகவே ஆள் வந்தால், 100 வெள்ளிப் படிகளை அடித்துவிட்டுக் காவல் வரிசையை இன்னும் கீழே தள்ளலாம். அப்படித் தள்ளும்போது ஃபார்முலாவில் உள்ள $D$253-ஐயும் நீட்ட மறக்காதீர்கள்.

அடுக்கு கலைந்ததா என்று எப்படித் தெரியும்?

அட்டவணையை ஒரு முறை சரியாக அடுக்கி வைத்தால் போதாது. யாராவது வேறொரு பத்தியை வைத்து அடுக்கியிருக்கலாம், இடையில் ஒரு வரிசையை ஒட்டியிருக்கலாம். EPF ஷீட்டில் காலியான ஒரு செல்லில் இதைப் போட்டு வையுங்கள்:

```
=SUMPRODUCT(--(A3:A253<=A2:A252))
```

ஒவ்வொரு எண்ணையும் அதற்கு மேலே உள்ளதோடு ஒப்பிட்டு, மேலே உள்ளதைவிடப் பெரிதாக இல்லாத இடங்களை எண்ணிச் சொல்லும். 0 வந்தால் அடுக்கு சரி. வேறு எது வந்தாலும் எங்கோ கலைந்திருக்கிறது, அல்லது ஒரே எண் இரண்டு தடவை இருக்கிறது. நம் Staff பட்டியலில் இதே மாதிரி A3:A8-ஐ A2:A7-ஓடு ஒப்பிட்டால் 1 வரும். 106-க்குக் கீழே 105 நிற்கும் அந்த ஒரு இடம்.

இந்தச் சோதனைக்கும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது, கீழ்வரம்புகள் எழுத்தாக வந்து சேர்ந்திருந்தால் சோதனையை நம்ப முடியாது. எழுத்துகளை எக்ஸெல் எழுத்து எழுத்தாகத்தான் ஒப்பிடும். '1,000.01' முன்னால், '20.01' பின்னால் என்று அடுக்கினால் அதன் பார்வையில் சரி. ஆகவே முதலில் `=COUNT(A2:A253)` போட்டுப் பாருங்கள். எண்களை மட்டும்தான் அது எண்ணும். 252 வர வேண்டும்.

கடைசியாக நான்கு சம்பளங்களைக் கொடுத்துப் பார்க்கிறேன்: 0, 2,300, 2,300.01, 5,600. ஊழியர் பங்கு முறையே 0, 253, 256, 'அட்டவணைக்கு மேல்' என்று வந்தால் கீழ்முனை, விளிம்பின் இரண்டு பக்கம், மேல்முனை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. நடுவில் உள்ள சம்பளங்களைக் கொடுத்துச் சோதிப்பதில் பெரிய பயன் இல்லை. அவை கெட்டுப்போன அட்டவணையிலும் சரியாக வரக்கூடும்.

XLOOKUP வைத்திருப்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்ட் 365, எக்ஸெல் 2021 ஆகியவற்றில் XLOOKUP இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் உண்டு. எக்ஸெல் 2016, 2019-இல் இல்லை. கடை மேசையில் இருப்பது பழைய எக்ஸெல் என்றால், நீங்கள் வீட்டில் XLOOKUP போட்டுத் தயாரித்த கோப்பு அங்கே போய் நிற்கும். அதனால்தான் இதுவரை VLOOKUP-ஐ வைத்தே சொன்னேன்.

இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முதல் வசதி, ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது துல்லியமாகத்தான் தேடும். நம் தம்பிக்கு நடந்தது அதில் நடந்திருக்காது. இரண்டாவது, இபிஎஃப் போன்ற அட்டவணைக்குக் கீழ்வரம்பையே விட்டுவிட்டு மேல்வரம்பை வைத்துத் தேடலாம்:

```
=XLOOKUP(B2,EPF!$B$2:$B$252,EPF!$D$2:$D$252,"அட்டவணைக்கு மேல்",1)
```

கடைசியில் உள்ள 1, 'அதே எண், இல்லாவிட்டால் அடுத்த பெரியது' என்று பொருள்படும். 2,300-க்கு 2,300 வரிசை நேராகக் கிடைக்கும், 2,300.01-க்கு 2,320. ஒரு சென் தொல்லை போய்விட்டது. 5,000-த்தைத் தாண்டினால் அடுத்த பெரிய எண் இல்லை, ஆகவே நாம் கொடுத்த எழுத்து வரும். காவல் வரிசையும் தேவையில்லை. VLOOKUP-ஆல் இந்த மேல்நோக்கிய தேடல் முடியாது.

அதைவிட, இந்த முறையில் XLOOKUP அடுக்கை எதிர்பார்ப்பதில்லை. பட்டியல் கலைந்திருந்தாலும் சரியான வரிசையைத் தேடி எடுக்கும். ஆனால் ஆறாவது இடத்தில் 2 அல்லது -2 போட்டால் கதை பழையபடிதான்: அது பாதி பாதியாகக் கழிக்கும் தேடல், 2-க்கு ஏறுமுகமாகவும் -2-க்கு இறங்குமுகமாகவும் அடுக்கியிருக்க வேண்டும். சம்பளக் கோப்பு அளவுக்கு அந்த வேகம் தேவையே இல்லை, அந்த இடத்தைத் தொடாமல் விடுங்கள்.

MATCH பயன்படுத்துபவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாவது இடத்தை விட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது ஏறுமுகமாக அடுக்கியதில் தோராயத் தேடல். INDEX-ஓடு சேர்த்து ஆளைத் தேடுகிறீர்கள் என்றால் அங்கே 0 போட்டே ஆக வேண்டும். LOOKUP என்று ஒரு பழைய ஃபார்முலாவும் இருக்கிறது. அதற்குத் துல்லியப் பொருத்தமே தெரியாது, ஆள் எண்ணுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

106-ஆம் எண் தம்பிக்குக் குறைந்த ஐம்பது வெள்ளியை அன்றே கணக்கில் சேர்த்தோம். இபிஎஃப்-இல் அவர் பங்கு 253-இலிருந்து 260, முதலாளி பங்கு 299-இலிருந்து 307; பணம் கட்ட மறுமாதம் 15-ஆம் தேதி வரை நேரம் இருந்ததால் தொகையைத் திருத்திக் கட்டிவிட்டோம். முதலாளி இப்போதும் ஆட்கள் பட்டியலை மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.